ஜாயினிங் போனஸைத் திருப்பிக் கேட்கும் பத்தி: கையெழுத்துக்கு முன் ரெக்ரூட்டருக்கு என்ன எழுதுவது?

ஆள்சேர்ப்புப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தேன். சென்னை ஐடி நிறுவனங்களின் ஆஃபர் லெட்டர்களைத்தான் அதிகம் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: போனஸ் 4 லட்சம் ரூபாய், முதல் மாதச் சம்பளத்தோடு வரும், 24 மாதம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் திருப்பித் தர வேண்டும் என்று லெட்டரில் ஒரு பத்தி.

இதைப் பற்றி எழுதினால் ஆஃபரையே திரும்பப் பெற்றுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

நான் பார்த்த வரையில், பத்தியில் ஒரு வரியை மாற்றக் கேட்டதற்காக யாருடைய ஆஃபரும் போகவில்லை. அந்த நேரத்தில் ரெக்ரூட்டரின் நிலையை யோசித்துப் பாருங்கள். நான்கைந்து சுற்று நேர்காணல் முடிந்து, சம்பளத்துக்கு ஒப்புதல் வாங்கி, லெட்டரும் போட்டாகிவிட்டது. இனி அவருடைய பயமெல்லாம், நீங்கள் கடைசி நேரத்தில் சேராமல் போய்விடுவீர்களோ என்பதுதான். நோட்டீஸ் காலம் 90 நாள் இருக்கும் ஊரில் அந்தப் பயம் நியாயமானதும்கூட. அதனால் 'இது தெளிவானால் அன்றே கையெழுத்துப் போடுகிறேன்' என்று ஒருவர் எழுதினால் அவருக்கு நிம்மதிதான்.

காரியம் கெட்டதைப் பார்த்திருக்கிறேன், ஆனால் வேறு மாதிரி. ஒருவர் இதைக் கேட்டார், கிடைத்தது. அப்புறம் சம்பளத்தைக் கேட்டார். அப்புறம் இன்னொரு ஆஃபரைக் காட்டினார். மூன்றாவது மடலுக்குப் பிறகு ஹயரிங் மேனேஜரே 'வேண்டாம், விட்டுவிடுங்கள்' என்று சொல்லிவிட்டார். எனவே கேட்பதை ஒரே மடலில் கேட்டுவிடுங்கள்.

பத்தியை நாலு தடவை படித்துவிட்டேன், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. எதைப் பார்க்க வேண்டும்?

பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், ஆங்கிலத்தில்: 'பணியில் சேர்ந்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் எக்காரணத்தினாலும் பணி முடிவுக்கு வந்தால், வழங்கப்பட்ட முழு போனஸ் தொகையையும் ஊழியர் 30 நாட்களுக்குள் திருப்பிச் செலுத்த வேண்டும்.'

இந்த ஒரே வாக்கியத்தில் மூன்று இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். முதலாவது 'எக்காரணத்தினாலும்'. நீங்கள் ராஜினாமா செய்தாலும் சரி, அவர்கள் ஆட்குறைப்புச் செய்தாலும் சரி, பணம் திரும்பப் போகும் என்று பொருள். இரண்டாவது 'முழு'. 2 மாதம் வேலை பார்த்தவரும் 23 மாதம் வேலை பார்த்தவரும் அதே 4 லட்சத்தைத்தான் தர வேண்டும். மூன்றாவது 'வழங்கப்பட்ட தொகை'. வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையா, கையில் வந்த தொகையா என்று சொல்லவே இல்லை. சொல்லாவிட்டால் முந்தையதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

இவற்றோடு 24 மாதம் எப்போது தொடங்குகிறது, எந்த நாளை வைத்து முடிகிறது என்பதையும் பாருங்கள். போனஸை இரண்டு தவணையாகத் தரும் இடங்களில் சில லெட்டர்கள் 'பணம் கொடுத்த நாளிலிருந்து' என்று எழுதும். இரண்டாவது தவணை ஒரு வருடம் கழித்து வந்தால், அதற்கு அன்றிலிருந்து புதிதாக 24 மாதம் ஓடும். ஆக மொத்தம் மூன்று வருடம் கட்டுண்டு கிடப்பீர்கள்.

கிராஸ், நெட் என்கிறார்களே. எனக்கு நிஜமாகவே எவ்வளவு நஷ்டம் வரும்?

நம் உதாரணத்தில் இருப்பவர் 30 சதவீத வரி அடுக்கில் இருக்கிறார் என்று வையுங்கள். ஜாயினிங் போனஸும் சம்பள வருமானம்தான், அதற்கென்று தனிச் சலுகை எதுவும் இல்லை. 30 சதவீதத்தோடு 4 சதவீத செஸ் சேர்ந்தால் 31.2 சதவீதம். 4 லட்சத்தில் 1,24,800 ரூபாய் டி.டி.எஸ். ஆகப் போய்விடும். வங்கிக் கணக்கில் விழுவது 2,75,200.

இப்போது அவர் 20 மாதம் முடித்துவிட்டு விலகுகிறார். பத்தி மேலே சொன்ன மாதிரியே இருந்தால் விலகும்போது போடும் கடைசிக் கணக்கான ஃபுல் அண்ட் ஃபைனலில் 4,00,000 பிடிப்பார்கள். வந்தது 2,75,200, போவது 4,00,000. பார்க்காத பணம் 1,24,800-ஐச் சொந்தக் கையிலிருந்து போட்டுக் கட்டுகிறார்.

'மாத விகிதப்படி' என்று ஒரே ஒரு சொல் இருந்திருந்தால்? மீதி 4 மாதம். 4 லட்சத்தில் 24-ல் 4 பங்கு, அதாவது 66,667 ரூபாய். அதோடு 'வரி போக' என்பதும் இருந்திருந்தால் ஏறக்குறைய 45,870. அதே மனிதர், அதே 20 மாதம். லெட்டரில் இருக்கும் இரண்டு சொற்களுக்காக 4 லட்சம் 46 ஆயிரத்துக்குள் அடங்கிவிடுகிறது.

கட்டிய வரியை வருமான வரித் துறையிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ள முடியாதா?

போனஸ் வாங்கியதும் திருப்பிக் கொடுத்ததும் ஒரே நிதியாண்டுக்குள், அதாவது ஏப்ரல் முதல் மார்ச்சுக்குள், நடந்திருந்தால் பெரிய சிக்கல் இல்லை. பேரோலில் அந்த ஆண்டின் சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் டி.டி.எஸ். சரியாகிவிடும். ஆண்டு மாறிவிட்டால்தான் தலைவலி. போன ஆண்டுக்கு ஃபார்ம் 16 கொடுத்து, ரிட்டர்னும் போட்டு முடிந்திருக்கும். திருப்பிக் கொடுத்த போனஸைக் கழித்துக்கொள்ளலாம் என்று நேரடியாகச் சொல்லும் பிரிவு வரிச் சட்டத்தில் இல்லை. சில பேரோல்காரர்கள் நடப்பு ஆண்டுச் சம்பளத்தில் கழித்துத் தருவார்கள், சிலர் மாட்டேன் என்பார்கள். அப்படி ஆனபின் ஆடிட்டரிடம் ஓடுவதைவிட, 'வரி போகக் கையில் வந்த தொகை' என்று முன்கூட்டியே எழுதி வாங்குவது எவ்வளவோ மேல்.

நானாகப் போகவில்லை, அவர்களே அனுப்பிவிட்டால்கூட நான்தான் பணம் கட்ட வேண்டுமா?

பத்தியில் 'எக்காரணத்தினாலும்' என்று இருந்தால், ஆமாம், கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் சேர்ந்த எட்டாவது மாதத்தில் அவருடைய டீமையே மூடினார்கள். இரண்டு மாதச் சம்பளம் இழப்பீடாகத் தருவதாகச் சொன்னார்கள், தரவும் செய்தார்கள். ஃபுல் அண்ட் ஃபைனல் தாளில் பார்த்தால் அதற்கு நேர் கீழேயே போனஸ் பிடித்தம். கடைசியில் அவர் கணக்குக்கு வந்தது பதினோராயிரம் சொச்சம். கேட்டதற்கு 'நீங்கள் கையெழுத்துப் போட்ட லெட்டர்தானே' என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் எரிச்சல்.

மூன்றில் ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். 'ஊழியர் தானாக ராஜினாமா செய்தாலோ, நிரூபிக்கப்பட்ட ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டாலோ மட்டும்' என்று மாற்றச் சொல்லுங்கள். ஒழுங்கீனத்தை நீங்களே சேர்த்து எழுதுவது முக்கியம். அதை விட்டுவிட்டால் சட்டப் பிரிவு அதைச் சேர்க்கும் சாக்கில் வேறு நாலைந்தையும் சேர்த்து அனுப்பும். 'செயல்திறன் குறைவு' என்ற சொல் அந்தப் பட்டியலில் நுழைகிறதா என்று கவனியுங்கள். நுழைந்தால் ஆட்குறைப்பைக்கூட அந்தப் பெயரில் செய்துவிடலாம்.

நோட்டீஸ் பீரியடும் 24 மாதத்துக்குள் அடங்குமா?

இதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. கேட்டதற்குப் பாராட்டுகள்.

2026 செப்டம்பர் 1 அன்று சேர்கிறீர்கள். 24 மாதம் 2028 ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. நீங்கள் 2028 ஜூன் 10 அன்று ராஜினாமா மடல் போடுகிறீர்கள். 90 நாள் நோட்டீஸ் கணக்குப்படி கடைசி நாள் செப்டம்பர் 8. கெடுவைத் தாண்டிவிட்டோம் என்று நினைப்பீர்கள். ஆனால் பத்தியில் '24 மாதங்களுக்குள் ராஜினாமா செய்தால்' என்று இருந்தால், ஜூன் 10-தான் கணக்கு. மாட்டிக்கொண்டீர்கள். 'கடைசி வேலை நாள் 24 மாதங்களுக்குள் வந்தால்' என்று இருந்தால் தப்பித்தீர்கள்.

அதிலும் ஒரு ஓட்டை உண்டு. ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு, 'நோட்டீஸ் முழுக்கத் தேவையில்லை, ஜூலை 15-லேயே ரிலீவ் செய்கிறோம்' என்று அவர்கள் சொல்லலாம். அப்போது கடைசி நாள் மறுபடியும் 24 மாதத்துக்குள் வந்து விழுந்துவிடும். அதனால் 'நிறுவனம் முன்கூட்டியே விடுவித்தாலும், நோட்டீஸ் இயல்பாக முடியவேண்டிய நாளே கணக்கில் கொள்ளப்படும்' என்று ஒரு வரி கேட்கலாம். மாத விகிதம் கிடைத்துவிட்டால் இதை வலியுறுத்த வேண்டாம். அப்போது பிரச்சினை ஓரிரு மாதப் பங்குக்குள் அடங்கிவிடும்.

சரி, மடலில் என்னதான் எழுதுவது?

மடல் ஆங்கிலத்தில்தான் போகும். என்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் என்பதைத் தமிழில் தருகிறேன்.

> வணக்கம்,
>
> ஆஃபர் லெட்டர் கிடைத்தது, நன்றி. பொறுப்பு, சம்பளம், சேரும் தேதி எல்லாம் எனக்குச் சம்மதம். செப்டம்பர் 1 அன்று சேரத் தயாராக இருக்கிறேன்.
>
> கையெழுத்திடும் முன் ஒரே ஒரு விஷயம். ஜாயினிங் போனஸைத் திருப்பிச் செலுத்துவது பற்றிய பத்தியில் கீழ்க்காணும் மாற்றங்களைப் பரிசீலிக்க முடியுமா?
>
> 1. நானாக ராஜினாமா செய்தாலோ, நிரூபிக்கப்பட்ட ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டாலோ மட்டுமே இப்பத்தி பொருந்தும்.
> 2. திருப்பிச் செலுத்தும் தொகை, 24 மாதத்தில் மீதமிருக்கும் முழு மாதங்களின் விகிதப்படி இருக்கும்.
> 3. வரிப் பிடித்தம் போக எனக்கு வந்த தொகையின் அடிப்படையில் கணக்கிடப்படும்.
>
> போனஸ் தொகையிலோ 24 மாதக் கெடுவிலோ நான் மாற்றம் கேட்கவில்லை. இதை ஹெச்.ஆர். அல்லது சட்டப் பிரிவுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் இம்மடலை அப்படியே அனுப்பலாம். திருத்திய லெட்டர் வந்த அன்றே கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறேன். ஆஃபர் வெள்ளிக்கிழமையோடு காலாவதியாகிறது, அதற்குள் முடியாது என்றால் தேதியை நீட்டித்துத் தர வேண்டுகிறேன்.

இதில் எனக்குப் பிடித்த வரி 'அப்படியே அனுப்பலாம்' என்பதுதான். ரெக்ரூட்டரால் எந்தப் பத்தியையும் மாற்ற முடியாது. அவர் தபால்காரர் மாதிரி. உங்கள் மடல் குழப்பமாக இருந்தால் அதைத் தன் சொற்களில் சுருக்கி 'கேண்டிடேட் போனஸ் பத்தியை எடுக்கச் சொல்கிறார்' என்று மேலே அனுப்புவார். மேலே இருப்பவர் முடியாது என்பார். மூன்று வரியும் லெட்டரில் அப்படியே ஒட்டக்கூடிய மாதிரி இருந்தால், சட்டப் பிரிவில் இருப்பவருக்கு வேலை பத்து நிமிடம்.

ஏன் இத்தனை சுற்று? பத்தியையே எடுத்துவிடச் சொல்லிவிட்டால் என்ன?

கேட்கலாம், கிடைக்காது. போனஸை வாங்கிக்கொண்டு மூன்றாவது மாதமே ஓடிப்போனவர்களால்தான் அந்தப் பத்தியே பிறந்தது. நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருக்கிற இடத்தில் மோதினால், உங்கள் பக்கம் நியாயம் இருக்கிற மூன்று இடங்களும் சேர்ந்து அடிபடும்.

ரெக்ரூட்டர் போனில், 'அதெல்லாம் ஃபார்மாலிட்டிங்க, இதுவரைக்கும் யாரிடமும் வசூலித்ததே இல்லை' என்கிறார். நம்பலாமா?

அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு நிஜமாகவே தெரியாது. ஆள் சேர்ந்ததும் ரெக்ரூட்டரின் வேலை முடிந்துவிடும். ஃபுல் அண்ட் ஃபைனல் போடுவது வேறு பிரிவு, பல இடங்களில் வேறு ஊர். அங்கே இருப்பவர் லெட்டரைத் திறந்து, எண்ணைப் பார்த்து, பிடித்தம் போடுவார். போனில் யார் என்ன சொன்னார்கள் என்று அவர் தேடப்போவதில்லை. நானும் அந்த 'ஃபார்மாலிட்டி' என்ற சொல்லை ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

போனை வைத்ததும் ஒரு மடல் போடுங்கள்: 'இப்போது பேசியதற்கு நன்றி. ஆட்குறைப்பு என்றால் போனஸைத் திரும்பக் கேட்பதில்லை என்று சொன்னீர்கள். அதை லெட்டரிலும் சேர்த்துத் தர முடியுமா?' சொன்னது உண்மை என்றால் எழுதித் தர அவருக்குத் தடை இருக்காது. வாட்ஸ்அப்பில் வரும் கட்டை விரலை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

'இது எங்கள் ஸ்டாண்டர்ட் பாலிசி, மாற்ற வழியில்லை' என்று பதில் வந்துவிட்டது.

அப்போது சொற்களை விட்டுவிட்டு, பணம் வரும் நேரத்தை மாற்றப் பாருங்கள். 'போனஸை இப்போது தர வேண்டாம், 12-வது மாதம் பாதி, 24-வது மாதம் பாதி தாருங்கள், திருப்பிச் செலுத்தும் பத்தியே தேவைப்படாது' என்று கேட்கலாம். கையில் வராத பணத்தை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. நடுவில் அனுப்பிவிட்டால் மீதி வராமல் போகலாம், அது இழப்புதான். ஆனால் வீட்டுக் கடனுக்குக் கட்டிவிட்ட பணத்தைத் தேடி அலையும் நிலை வராது. இதற்குப் பல இடங்களில் சட்டப் பிரிவின் ஒப்புதல் தேவைப்படாது, பேரோலில் தேதி மாற்றினால் போதும்.

நீங்கள் சேரப்போவது கலிபோர்னியாவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் சென்னைக் கிளை என்றால் இன்னொன்றும் சொல்லலாம். அந்த மாநிலத்தில் 2026 ஜனவரி 1 முதல் போடப்படும் ஒப்பந்தங்களுக்கு ஒரு சட்டம் வந்திருக்கிறது, AB 692 என்று பெயர். அதன்படி ஜாயினிங் போனஸைத் திரும்பப் பெறும் ஏற்பாடு தனி ஒப்பந்தமாக இருக்க வேண்டும். வக்கீலைக் கலந்துகொள்ள 5 வேலைநாள் அவகாசம் தர வேண்டும். தொகை விகிதப்படி குறைய வேண்டும், வட்டி கூடாது, கெடு 2 ஆண்டைத் தாண்டக் கூடாது. பணத்தைக் கெடு முடிந்தபின் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பும் தர வேண்டும். ஊழியர் தானாகப் போனாலோ ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டாலோதான் திரும்பக் கேட்கலாம். இது சென்னையில் செல்லாது, உரிமையாகக் கேட்க முடியாது. ஆனால் தலைமையகத்தில் அப்படி ஒரு படிவம் ஏற்கெனவே இருக்கக்கூடும் என்பதால், 'அந்தப் படிவத்தை இங்கேயும் பயன்படுத்தலாமா' என்பது நியாயமான கேள்வி.

இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது, தைரியமாகக் கையெழுத்துப் போடு என்கிறான் நண்பன்.

நண்பர் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவை மனதில் வைத்துச் சொல்கிறார். ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது அது. ஆனால் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், 3 ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பிரிவுக்கு எதிரானதல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி, போனஸ் விவகாரமும் அல்ல. ஆனாலும் 'நிற்காது' என்று ஒரேயடியாகச் சொல்ல இடமில்லை.

நடைமுறையில் விஷயம் கோர்ட் வரைக்கும் போவதே அபூர்வம். கடைசிச் சம்பளமும் விடுப்புப் பணமும் அவர்கள் கையில் இருக்கும், அதில் பிடித்துக்கொள்வார்கள். மீதியைக் கட்டும் வரை ரிலீவிங் லெட்டரை இழுத்தடிப்பார்கள். அடுத்த நிறுவனம் அந்த லெட்டரைக் கேட்டு நிற்கும்போது, வழக்குப் போட யாருக்கு நேரம்?

எனக்கு ஆஃபர் கன்சல்டன்சி வழியாக வந்தது. யாருக்கு எழுத வேண்டும்?

கன்சல்டன்சிக்காரருக்கு எழுதி, லெட்டரை அனுப்பிய நிறுவன ஹெச்.ஆர். முகவரியை நகலில் வையுங்கள். நீங்கள் சேர்ந்தால்தான் கன்சல்டன்சிக்குக் கமிஷன். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் அக்செப்ட் பண்ணுங்க' என்பார்கள். அக்செப்ட் பண்ணியபின் யாரும் எதையும் பார்ப்பதில்லை.

பழைய கம்பெனிக்குக் கட்ட வேண்டிய நோட்டீஸ் பை-அவுட் பணத்தையும் இவர்களே தருகிறார்கள். அதுவும் இதில் வருமா?

பல லெட்டர்களில் ஜாயினிங் போனஸ், பை-அவுட், இடமாற்றச் செலவு மூன்றையும் ஒரே பத்தியில் கட்டியிருப்பார்கள். அப்படியென்றால் உங்கள் முதல் வரியில் 'இப்பத்தியில் குறிப்பிட்ட எல்லாத் தொகைகளுக்கும்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒத்துக்கொண்டுவிட்டார்கள்! இனி என்ன?

'ஒத்துக்கொண்டோம்' என்ற மடலோடு நிற்காமல் திருத்திய லெட்டரை வாங்குங்கள். பழைய லெட்டரின் தேதியைப் பாருங்கள். புதியதில் தேதி மாறியிருக்க வேண்டும், முந்தையதற்குப் பதிலாக இது என்று ஒரு வரியும் இருந்தால் நல்லது. போர்ட்டலில் போய் அக்செப்ட் அழுத்தும் முன், அங்கே தெரிவது புதிய கோப்புதானா என்று திறந்து பார்த்துவிடுங்கள். பழைய பி.டி.எஃப். அப்படியே தொங்கிக்கொண்டிருந்ததை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

சேரும் நாளன்று அப்பாயின்ட்மென்ட் லெட்டர் என்று முப்பது பக்கம் நீட்டுவார்கள். அதில் போனஸ் பத்தி மறுபடியும் வரும், பெரும்பாலும் பழைய வார்ப்பில். 'இதற்கு முன் செய்த எல்லா உடன்பாடுகளுக்கும் பதிலாக இதுவே செல்லும்' என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரியும் இருக்கும். ரெண்டும் சேர்ந்தால் நீங்கள் பாடுபட்டு வாங்கியது போச்சு. அதனால் மாதிரி அப்பாயின்ட்மென்ட் லெட்டரை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பாருங்கள். திருத்திய ஆஃபரையும் மடல்களையும் சொந்த ஜிமெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி மடலில் மட்டும் வைத்திருந்தால், விலகும் நாள் மாலையோடு அதைத் திறக்க முடியாது.